கணக்கில் வந்த பணம் நம்முடையதுதானா?

மாதக் கடைசியில் வரும் ஊதியம் தவிர, ஆசிரியர்களின் வங்கிக் கணக்கில் இடையிடையே வேறு தொகைகளும் வரவாகின்றன. அகவிலைப்படி நிலுவை, ஊதிய நிர்ணய நிலுவை, வருங்கால வைப்பு நிதி முன்பணம், கூட்டுறவுச் சங்கக் கடன், தேர்வுப் பணி உழைப்பூதியம் என்று அவை பலவகை. எந்தத் தொகை எந்த நாளில் வரும் என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. அதனால்தான், எதிர்பாராத வரவு ஒன்றைப் பார்த்தவுடன் ‘ஏதோ ஒரு நிலுவை வந்திருக்கிறது’ என்று நினைத்துவிடுகிறோம். அந்தத் தொகை வேறொருவருக்குச் சேர வேண்டியதாகவும் இருக்கலாம். அதை எப்படிக் கண்டறிவது, கண்டறிந்தபின் என்ன செய்வது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே பார்ப்போம்.

தவறான வரவு எப்படி நேர்கிறது?

காசோலையை வங்கியில் செலுத்தினால் அதில் எழுதியுள்ள பெயரையும் பார்ப்பார்கள். நெஃப்ட் போன்ற மின்னணுப் பரிமாற்றங்களில் நடைமுறை வேறு. பணம் பெறும் வங்கி, கணக்கு எண்ணை மட்டும் அடிப்படையாகக் கொண்டு வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியுள்ளது. எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புபவரின் பொறுப்பு. அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்த்து உறுதிசெய்யும் வசதியை 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் ஏற்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பின்னர் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. ஆனால், அந்த வசதியைப் பயன்படுத்திப் பார்ப்பவருக்குத்தான் அதனால் பயன்.

ஆகவே, பட்டியலில் ஒரு வரி மாறினாலோ, ஒரே பெயருடைய இருவரில் ஒருவரின் எண்ணுக்கு மற்றவரின் எண்ணை எடுத்து எழுதினாலோ, பணம் தடையின்றி வேறு கணக்குக்குப் போய்விடும். பெயர் பொருந்தவில்லை என்று அது தானாகத் திரும்பும் என எதிர்பார்க்க முடியாது.

பதிவை உறுதிசெய்தல்

உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பணிபுரியும் பட்டதாரி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேர்வுநிலை ஊதிய நிர்ணய நிலுவையாகச் சுமார் 41,000 ரூபாயை அவர் எதிர்பார்த்திருக்கிறார். 12ஆம் தேதி தம் கணக்கு அறிக்கையைப் பார்க்கிறார். முந்தைய இருப்பு 14,260 ரூபாய். 11ஆம் தேதி நெஃப்ட் வழியே 38,640 ரூபாய் வரவாகி, இருப்பு 52,900 ரூபாய் என்று காட்டுகிறது. வருமான வரியைப் பிடித்துக்கொண்டு நிலுவையைத் தந்திருப்பார்கள் என்று நினைக்க இடமுண்டு. எதிர்பார்த்த தொகைக்கு நெருக்கமாக வரும் தவறான வரவுதான் எளிதில் ஏமாற்றும்.

அவர் முதலில் பார்க்க வேண்டியது, தொகைக்கு அருகில் உள்ள விவரக் குறிப்பு. நெஃப்ட் வரவாக இருந்தால், பொதுவாக அனுப்பியவரின் பெயரும் பரிமாற்றத்தின் குறிப்பு எண்ணும் அதில் இருக்கும். யூ.பி.ஐ. வழியே வந்திருந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். குறுஞ்செய்தியில் இந்த விவரங்கள் பாதியில் நின்றுவிடுவதால், பாஸ்புத்தகத்தில் பதிவிட்டோ, வங்கிச் செயலியில் முழு அறிக்கையைத் திறந்தோதான் பார்க்க வேண்டும்.

அடுத்து, சென்ற மாத ஊதியம் வரவான வரியை இந்த வரியோடு ஒப்பிட வேண்டும். அரசிடமிருந்து வரும் தொகைகளின் விவரக் குறிப்பு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நம் ஆசிரியையின் அறிக்கையில் இரண்டு வரிகளும் ஒத்துப்போகவில்லை. புதிய வரவில் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பெயர் இருந்தது. அவரும் அந்தச் சங்கத்தில் உறுப்பினர்தான். ஆனால், கடனுக்கு விண்ணப்பிக்கவில்லை.

மூன்றாவதாக, பணம் தர வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். நிலுவைப் பட்டியல் கருவூலத்தில் ஏற்கப்பட்டுவிட்டதா என்பதைக் களஞ்சியம் செயலியிலோ, சம்பளப் பட்டியல் தயாரிக்கும் அலுவலகத்திலோ அறியலாம். அது இன்னும் ஏற்கப்படவில்லை என்று அவருக்குத் தெரியவந்தது. இந்தத் தொகை நிலுவை அல்ல என்பது இத்துடன் உறுதியாகிவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஊதியமே கணக்குப் பிழையால் கூடுதலாக வந்திருந்தால், அது வங்கியின் தவறான வரவு ஆகாது. அதைச் சம்பளம் பெற்று வழங்கும் அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்தான் அதைச் சரிசெய்ய முடியும்.

செலவழிக்காமல் இருப்பது மட்டும் போதாது

‘நான் தொடவே மாட்டேன், பணம் கணக்கிலேயே இருக்கட்டும்’ என்று சும்மா இருந்தாலும் அந்தப் பணம் செலவாகலாம். தானியங்கிப் பிடித்தங்கள் நம்மைக் கேட்டு நடப்பதில்லை.

நம் ஆசிரியைக்கு 15ஆம் தேதி வீட்டுக்கடன் தவணை 11,500 ரூபாய், 20ஆம் தேதி காப்பீட்டுத் தவணை 4,200 ரூபாய் பிடித்தமாகும். அவருடைய சொந்தப் பணம் 14,260 ரூபாய்தான். வீட்டுக்கடன் தவணை போக மீதி 2,760 ரூபாய். காப்பீட்டுத் தவணைக்கு 1,440 ரூபாய் குறைகிறது. தவறான வரவு கணக்கில் இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரியாது. தவணை போய்விடும், பிறர் பணத்தில் 1,440 ரூபாய் செலவாகியிருக்கும்.

எனவே, திரையில் காணும் இருப்பிலிருந்து தவறான வரவைக் கழித்து, மீதியையே தம் இருப்பாகக் கொள்ள வேண்டும். இந்த ஆசிரியை காப்பீட்டுத் தவணைக்கு முன்பே 2,000 ரூபாயைக் கணக்கில் செலுத்திவிட்டார். அந்தக் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்குமாறு வங்கியிடம் கேட்கவும் செய்யலாம். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வேறு கணக்குக்கோ, வைப்புத் தொகைக்கோ அதை மாற்றக் கூடாது. அப்படிச் செய்தால், அந்தப் பணத்தை நாம் எடுத்துப் பயன்படுத்தியதாகவே பதிவில் தோன்றும்.

சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. தவறுதலாகத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் தம்முடையது என்று நினைத்து வைத்திருப்பது குற்றமாகாது. பிறருடையது என்று தெரிந்தபின் நேர்மையற்ற நோக்கத்தோடு தமதாக்கிக்கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் எந்த நாளில் தெரிந்தது, எந்த நாளில் வங்கிக்குத் தெரிவித்தோம் என்பதற்குச் சான்று வைத்திருப்பது நமக்கே பாதுகாப்பு.

வங்கிக்குத் தெரிவித்தல்

வாய்மொழியாகச் சொன்னால் போதாது. கணக்கு உள்ள கிளைக்கு நேரில் சென்று கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையுமாக ஒப்புகை பெற வேண்டும். நேரில் செல்ல இயலாதவர், வங்கியில் பதிவுசெய்துள்ள தம் மின்னஞ்சலிலிருந்து அனுப்பிப் புகார் எண்ணைப் பெறலாம். கடிதம் சுருக்கமாக இருந்தாலே போதும்:

“எனது ……… எண் சேமிப்புக் கணக்கில் ……… தேதியன்று ……… என்ற குறிப்பு எண்ணுடன் ரூ.38,640 வரவாகியுள்ளது. இத்தொகை எனக்கு உரியதன்று. இதை நான் பயன்படுத்தவில்லை. அனுப்பியவரின் வங்கியுடன் சரிபார்த்து, உரிய நடைமுறைப்படி இத்தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டுகிறேன். திருப்பி அனுப்பிய விவரத்தை எழுத்து மூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.”

கணக்கு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணைக்க வேண்டும். கடவுச்சொல், ஒருமுறைக் கடவு எண், அட்டையின் விவரம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அவற்றைக் கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவராக இருக்க மாட்டார்.

நம் ஆசிரியை கடிதம் கொடுத்தபின் சங்கத்துக்கும் தகவல் சொன்னார். வேறு ஒன்றியத்தில் பணிபுரியும், அதே பெயருடைய உறுப்பினருக்கான கடன் தொகை அது என்று தெரிந்தது. “டீச்சர், நீங்களே சங்கக் கணக்குக்கு நேரா அனுப்பிடுங்களேன்” என்றார் செயலாளர். “பேங்க்ல எழுதிக் கொடுத்துட்டேன் சார். உங்க பேங்க் மூலமா கேளுங்க, நான் சம்மதக் கையெழுத்து போட்டுடறேன்” என்றார் ஆசிரியை.

அவர் சொன்னதே சரி. அவர் நேரடியாக அனுப்பி, அதே வேளையில் வங்கி வழியிலும் பணம் திரும்ப எடுக்கப்பட்டால், ஒரே தொகை இரண்டு முறை போய்விடும். மேலும், அவர் அனுப்புவது பதிவில் ஒரு புதிய பரிமாற்றமாகவே நிற்கும். முதல் தவறு சரிசெய்யப்பட்டதாக எங்கும் பதிவாகாது. சங்கத்தின் வங்கி கோரிக்கை அனுப்பியது, ஆசிரியையின் கிளை அவரிடம் ஒப்புதல் பெற்றது, 24ஆம் தேதி 38,640 ரூபாய் பற்று வைக்கப்பட்டது. அவருடைய கணக்கில் 560 ரூபாய் மீதி நின்றது. 14,260 ரூபாயுடன் அவர் செலுத்திய 2,000 ரூபாயைக் கூட்டி, இரண்டு தவணைகளைக் கழித்தால் வருவதும் அதுவே.

முன்பின் அறியாதவர் அழைத்தால்

‘தவறுதலாக உங்கள் எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், மருத்துவச் செலவுக்கு வைத்திருந்தது, உடனே திருப்பி அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தால் கூடுதல் கவனம் தேவை. பணமே வராமல், வங்கி அனுப்பியதுபோல் ஒரு போலிக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கலாம். கணக்கு அறிக்கையில் அந்த வரவு இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வரவு உண்மையிலேயே இருந்தாலும் ஆபத்து நீங்கிவிடவில்லை. அது மோசடியில் வேறொருவரிடமிருந்து எடுத்த பணமாக இருக்கலாம். அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நாம் அனுப்பினால், திருட்டுப் பணம் நம் கணக்கு வழியே கைமாறியதாகிவிடும். இழந்தவர் புகார் செய்யும்போது முடக்கப்படுவது நம் கணக்கு. ஊதியம் வரும் கணக்கு முடங்கினால் வீட்டுச் செலவே நின்றுபோகும். அழைத்தவரிடம், “உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், என் வங்கி கேட்டால் நான் ஒப்புதல் தருகிறேன்” என்று மட்டும் சொல்ல வேண்டும். மிரட்டலோ அவசரப்படுத்தலோ இருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

பள்ளிக் கணக்கில் நேர்ந்தால்

பள்ளி மேலாண்மைக் குழுவின் கணக்கிலும் இதே முறைதான். வரவை ரொக்கப் புத்தகத்தில் மறைக்காமல் எழுதி, ‘உறுதிசெய்யப்பட வேண்டிய வரவு’ என்று குறிப்பிட வேண்டும். தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையொப்பமிட்டு வங்கிக்குக் கடிதம் அளித்து, உயர் அலுவலருக்கும் நகல் அனுப்பலாம். என்ன நிதி என்று ஆணையோ கடிதமோ வரும்வரை அதிலிருந்து செலவுச் சீட்டு எதுவும் எழுதக் கூடாது.

கோப்பில் வைக்க வேண்டியவை

வரவைக் காட்டும் அறிக்கை, ஒப்புகையுடன் கூடிய கடித நகல், ஒப்புதல் கடிதத்தின் நகல், பற்று வைக்கப்பட்டதைக் காட்டும் அறிக்கை ஆகிய நான்கையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பற்று வைத்த தொகை, வரவான தொகைக்கு ஒரு ரூபாய்கூட மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகார் கொடுத்து 30 நாளாகியும் வங்கி பதில் தரவில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற இணையதளம் வழியே முறையிடலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது, வங்கிக்கு நாம் கொடுத்த புகாரின் நகலும் அதன் தேதியும்தான்.