கணக்கு முடியாத 12 பேர்

கடுமையான ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் நோய் அடங்கிய 42 இளம் நோயாளிகள். அமெரிக்க மருத்துவர்கள் அவர்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒருவருக்கு 6-மெர்காப்டோபியூரின் என்ற மருந்து, மற்றவருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. அடங்கிய நோய் திரும்பி வர எத்தனை வாரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். முடிவுகள் 1963இல் வெளியாயின.

வெறும் மாத்திரை சாப்பிட்ட 21 பேருக்கும் 23 வாரத்துக்குள் நோய் திரும்பிவிட்டது. அவர்கள் கணக்கில் சிக்கலே இல்லை. மருந்து சாப்பிட்ட 21 பேரில் 9 பேருக்குத்தான் திரும்பியது. மீதி 12 பேரைக் கடைசியாகப் பார்த்தபோது நன்றாகவே இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒரே நாளில் ஆய்வில் சேரவில்லை. அதனால் ஒருவரை 6 வாரம்தான் பார்க்க முடிந்தது, இன்னொருவரை 35 வாரம் பார்த்தார்கள். இந்த 12 பேரை எந்தக் கணக்கில் எழுதுவது?

விட்டுவிடலாம் என்று தோன்றும். விட்டால் மிஞ்சுவது நோய் திரும்பிய 9 பேர் மட்டும். அவர்களின் சராசரி 12 வாரம். மருந்து நன்றாக வேலை செய்தவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு மருந்துக்கு மார்க் போடுவது போல ஆகிவிடும். சரி, 12 பேருக்கும் நோய் திரும்பவே இல்லை என்று வைத்துக்கொண்டால்? 21இல் 12, அதாவது 57 சதவீதம் பேர் தப்பிவிட்டதாக வரும். 6 வாரத்தோடு கணக்கு நின்றவருக்கு 7வது வாரத்தில் என்ன ஆனதென்று யாருக்குத் தெரியும்?

எட்வர்ட் கப்லான், பால் மையர் இருவரும் 1958இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி சொன்னது. மையர் மருத்துவ ஆய்வுகளில் இருந்தவர். கப்லான் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வால்வுகளின் ஆயுளைக் கணக்கிட்டவர். தனித்தனியே எழுதியதைப் பத்திரிகை ஆசிரியரின் யோசனைப்படி ஒன்றாக்கினார்கள்.

அவர்களுடைய யோசனை இதுதான்: ஒருவரை எத்தனை நாள் பார்த்தோமோ அத்தனை நாளுக்கு அவர் சாட்சி. அதுவரை கணக்கில் இருப்பார். பிறகு மெதுவாக விலகிக்கொள்வார். கோடு இறங்குவது யாருக்காவது நோய் திரும்பும் நாளில் மட்டும்.

மருந்துக் குழுவில் 6வது வாரம் 21 பேர் இருந்தார்கள், 3 பேருக்கு நோய் திரும்பியது. தாண்டியவர்கள் 21இல் 18, அதாவது 86 சதவீதம். அதே வாரத்தோடு இன்னொருவரின் கணக்கும் நின்றது. ஆக 7வது வாரத்தில் மீதி 17 பேர். அதில் ஒருவருக்குத் திரும்பியது. அந்த வாரத்தைத் தாண்டும் வாய்ப்பு 17இல் 16. 86ஐ அதனால் பெருக்கினால் 81. நடுவில் ஒருவர் விலக, 10வது வாரத்தில் 15 பேர், ஒருவருக்குத் திரும்பியது. தசமங்களை விடாமல் அதை 15இல் 14ஆல் பெருக்கினால் 75. இப்படியே படிப்படியாக இறங்கி 23வது வாரத்தில் 45இல் நிற்கிறது. அதே வாரத்தில் வெறும் மாத்திரைக் குழு பூஜ்யத்தில் இருக்கிறது. பாதிப் பேருக்கு நோய் திரும்ப ஆன காலம் அங்கே 8 வாரம், இங்கே 23 வாரம். நோய் திரும்புவதற்குப் பதிலாக மரணத்தை வைத்தாலும் கணக்கு இதேதான். ஆய்வு முடியும்போது உயிரோடு இருப்பவர்கள் அந்த 12 பேரின் இடத்தில் இருப்பார்கள்.

இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: விலகியவர்களுக்கும் தொடர்ந்தவர்களுக்கும் நோய் திரும்பும் வாய்ப்பு ஒன்றுதான் என்பதை. ஆய்வுக் காலம் முடிந்ததால் கணக்கு நின்றிருந்தால் அதில் தவறில்லை. உடம்பு மோசமாகி ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் ஒருவர் நின்றிருந்தால் கோடு உண்மையைவிட மேலே போய்விடும். சூத்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொருவரும் ஏன் நின்றார் என்று விசாரிக்க வேண்டும். காணாமல் போனவர்களுக்கு மறுநாளே நோய் திரும்பியதாக வைத்து மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பதும் உண்டு. அப்போதும் முடிவு மாறாவிட்டால் நம்பலாம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது கோட்டின் வால். 23வது வாரத்துக்குப் பிறகு மருந்துக் குழுவின் கோடு 45இலேயே சமமாக 35வது வாரம் வரை ஓடுகிறது. பார்ப்பவருக்கு அவ்வளவு பேரும் குணமாகிவிட்டது போலத் தெரியும். அந்தச் சமதளத்தில் இருந்தவர்களோ மொத்தம் 5 பேர். கிரீன்வுட் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் அந்த 45, ஏறத்தாழ 18 முதல் 71 வரை எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் நல்ல ஆய்வறிக்கைகளில் கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் மிச்சம் என்று எண்கள் இருக்கும். கோட்டின் மேல் சின்னச் சின்னக் குறிகள் கணக்கு நின்றவர்களைக் காட்டும். மருந்துக் குழுவின் கோட்டில் கடைசிக் குறி 35வது வாரத்தில் விழுகிறது. அங்கே மிச்சம் இருந்தவர் ஒருவர்.