கையெழுத்து இல்லாமலே ஒப்பந்தம்

2007 அக்டோபரில் துபாயின் டிரைமெக்ஸ் நிறுவனம், வேதாந்தா அலுமினியத்துக்கு பாக்சைட் தாது தருவதாக ஈமெயில் அனுப்பியது. விலை, அளவு, கப்பல் வரும் காலம், பணம் செலுத்தும் முறை எல்லாம் பேசி முடிந்ததும், ஐந்து கப்பல் சரக்குக்குச் சம்மதம் என்று வேதாந்தாவிடமிருந்து பதில் வந்தது. முறையான பத்திரத்தின் வரைவும் கைமாறியது. அதில் கையெழுத்தாகும் முன்பே டிரைமெக்ஸ் கப்பலை வாடகைக்குப் பேசிவிட்டது. அடுத்த மாதமே வேதாந்தா பின்வாங்கியது. பத்திரமே இல்லையே, ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்பது அதன் வாதம்.

உச்ச நீதிமன்றம் 2010இல் அதை ஏற்கவில்லை. முக்கிய அம்சங்கள் எல்லாவற்றிலும் இருவரும் ஒத்துப்போய்விட்டார்கள். பத்திரம் எழுதுவது மட்டுமே பாக்கி. ஆகவே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று சொல்லி, வழக்கை நடுவரிடம் அனுப்பியது.

தாளின் தலைப்பை மட்டும் பார்த்து நீதிமன்றம் முடிவுக்கு வருவதில்லை என்பதற்கு இந்த வழக்கு நல்ல சாட்சி. ‘புரிந்துணர்வு ஒப்பந்தம்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே விலையும் அளவும் கடமையும் திட்டவட்டமாக இருந்தால் அது கட்டுப்படுத்தக்கூடும். ‘கட்டுப்படுத்தாது’ என்று வெளிப்படையாக ஒரு வரி இருந்தால் பெரும்பாலும் அதுவே செல்லும். அப்படிப்பட்ட ஆவணத்திலும் ரகசியம் காப்பது, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு யாரிடமும் பேரம் பேசாமலிருப்பது போன்ற ஓரிரு பிரிவுகளை மட்டும் கட்டுப்படுத்தும்படி எழுதுவது வழக்கம். அவசரத்தில் படிப்பவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்தத் தொகையை வந்துசேர்ந்த பணமாக எண்ணக் கூடாது. முதலீடு செய்வோம், உதவுவோம் என்ற அளவிலான இத்தகைய உறுதிமொழியை வைத்து, தொழிற்சாலை எழவில்லை என்று யாரும் எளிதில் வழக்குப் போட முடியாது.

விருப்பக் கடிதம் இன்னும் ஒரு படி கீழே. ‘உங்களுக்கு இந்த வேலையைத் தர எண்ணியிருக்கிறோம்’ என்பதற்கு, எதிர்காலத்தில் ஒப்பந்தம் போடும் எண்ணம் என்றுதான் நம் நீதிமன்றங்கள் பொதுவாகப் பொருள் கொள்கின்றன. சிக்கல் கட்டுமானத் தொழிலில். ஒப்பந்ததாரர் இந்தக் கடிதத்தை நம்பி ஆளையும் ஜல்லியையும் இறக்கி அஸ்திவாரம் போட்டுவிடுவார். இறுதி ஒப்பந்தம் வராது. முடித்த வேலையின் பலனை எதிர்த்தரப்பு அனுபவித்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவில் அதற்கு ஈடு கேட்கலாம். மிச்ச வேலையில் கிடைத்திருக்கவேண்டிய லாபத்தைக் கேட்க முடியாது. இறுதி ஒப்பந்தம் கையில் இருந்தால் 73ஆம் பிரிவின்படி அந்த இழப்பையும் கேட்டிருக்கலாம்.

அதனால் விவரமான ஒப்பந்ததாரர்கள், விருப்பக் கடிதம் வந்ததும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள்: ஒப்பந்தம் ஆகும்வரை இந்த வேலைகளை, இன்ன தொகை வரை செய்யலாம், கைவிட்டாலும் அதுவரையிலான பில் தரப்படும் என்று.