யாரும் வாங்காத மூன்றாவது பிளான்

சென்னையிலிருந்து திருப்பதி போகும் சாலையில் உள்ள நகரி, விசைத்தறிகள் ஓடும் ஊர். அங்கே இணைய இணைப்பு தரும் ஒருவர் இரண்டு பிளான் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 400 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ். 700 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ். பணம் மிச்சமா, வேகம் முக்கியமா? யோசித்துப் பார்த்துப் பலரும் 400-ஐயே எடுப்பார்கள்.

இப்போது ரேட் கார்டில் மூன்றாவதாக ஒரு வரி சேர்க்கிறார்: 750 ரூபாய்க்கு 80 எம்பிபிஎஸ். இதை யாரும் வாங்கமாட்டார்கள். 50 ரூபாய் குறைவாகக் கொடுத்தாலே இதைவிட அதிக வேகம் கிடைக்கிறதே! ஆனால் இந்த வரி வந்தபின் நடுவில் நிற்கும் 700 ரூபாய் பிளானுக்கு ஆள் கூடலாம். இப்படி விற்பதற்காக அல்லாமல் இன்னொன்றை விற்றுக் கொடுப்பதற்காக வைக்கப்படுவதை 'டிகாய்' என்கிறார்கள்.

இதில் நுட்பம், 80 என்ற எண்ணில் இருக்கிறது. 700 ரூபாய் பிளான் விலை, வேகம் இரண்டிலும் டிகாயை வெல்கிறது. 400 ரூபாய் பிளானோ விலையில் மட்டும் வெல்கிறது, வேகத்தில் தோற்கிறது. 80-க்குப் பதில் 30 எம்பிபிஎஸ் என்று போட்டால் இரண்டு பிளானிடமும் அது எல்லா வகையிலும் தோற்கும். யார் பக்கமும் கை காட்டாது. பணத்தையும் வேகத்தையும் எடை போடுவது கடினம். 700-ஐயும் 750-ஐயும் ஒப்பிடுவது சுலபம். அந்தச் சுலபமான வெற்றியையே 700-ஐ எடுக்கக் காரணமாக மனம் பிடித்துக்கொள்கிறது.

1982-இல் ஜோயல் ஹூபர், ஜான் பெய்ன், கிறிஸ்டோபர் பூட்டோ ஆகிய மூவரும் இதைச் சோதனையில் காட்டினார்கள். கார், உணவகம், பீர், டிவி போன்றவற்றில் தேர்வு செய்யச் சொன்னார்கள். புதிதாக ஒரு பொருள் வந்தால் பழையவற்றின் பங்கு குறையலாமே தவிரக் கூடாது என்பது அதுவரை நிலவிய கோட்பாடு. டிகாய் வந்ததும் ஒன்றின் பங்கு கூடியது.

ஆனால் இது எல்லா இடத்திலும் பலித்துவிடாது. ஷேன் ஃபிரடெரிக் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தரம் எண்ணாக எழுதப்பட்டிருக்கும்போதுதான் இது நன்றாக வேலை செய்கிறது. படமாகப் பார்த்தோ நேரில் அனுபவித்தோ தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆகவே சேலையைத் தொட்டுப் பார்த்து எடுப்பவரிடம் இந்த உத்தி செல்லும் என்று நம்ப முடியாது. எம்பிபிஎஸ்ஸைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. அதனால்தான் ரேட் கார்டில் இதற்கு இடம் கிடைக்கிறது.

வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மற்றொன்றிடம் எல்லா வகையிலும் தோற்கிற வரியைக் கையால் மறைத்துவிட்டு, மிச்சமுள்ள இரண்டை மட்டும் பாருங்கள். வீட்டில் இரண்டு போன், ஒரு டிவிதான் என்றால் 40 எம்பிபிஎஸ்ஸே போதும். வரியை மறைத்த பிறகும் 700 ரூபாய் பிளான்தான் தேவை என்று தோன்றினால், அதைத் தயங்காமல் எடுக்கலாம்.