எட்டு மாதம் கழித்தும் கிடைக்கும் வீடியோ

கேமரா தன் கோப்புகளுக்கு வைக்கும் பெயரைப் பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல முடியாது. சோனி கேமராக்கள் பலவற்றில் முதல் காட்சி C0001.MP4, அடுத்தது C0002.MP4. கார்டை ஃபார்மேட் செய்தால் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு. ஒரு கல்யாணத்தில் இரண்டு கேமரா ஓடினால் முகூர்த்தத்தில் ஒரு C0001, வரவேற்பில் இன்னொரு C0001 வந்துவிடும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கட்டுமா என்று கணினி கேட்கும். நடு இரவில், தூக்கக் கலக்கத்தில், 'சரி' என்று தட்டினால் தாலி கட்டிய காட்சி போய்விடும்.

ஆகவே ஒரு கார்டுக்கு ஒரு ஃபோல்டர் என்பதே முதல் விதி. கார்டில் உள்ளதை அப்படியே, துணை ஃபோல்டர்களோடு சேர்த்து, நகலெடுக்க வேண்டும். சில கேமராக்கள் நீண்ட காட்சியைப் பல துண்டாக உடைத்துப் பதிகின்றன. அவற்றைச் சேர்க்கும் குறிப்பு பக்கத்துச் சிறு கோப்பில் இருக்கலாம். மதுரையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அமைப்பு இப்படி இருக்கலாம்:

```
2025-02-16_Madurai_Kalyanam/
  01_Footage/
    CamA_Muhurtham_Card1/
    CamB_Varaverpu_Card1/
  02_Audio/
  03_Graphics/
  04_Project/
  05_Export/
```

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால், பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாகப் போய் நிற்கும். பதிப்பு எண்ணையும் v01, v02 என்று இரண்டு இலக்கத்தில் எழுத வேண்டும். இல்லையென்றால் சில மென்பொருள்களில் v10 போய் v2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். final, final_new, final_last என்று பெயர் வைப்பவருக்கு, வாடிக்கையாளரிடம் கொடுத்தது எது என்று மறுவாரமே தெரியாது.

பெயரை மாற்றுவதென்றால் எடிட்டிங் தொடங்கும் முன் மாற்றிவிட வேண்டும். பிரீமியர் போன்ற மென்பொருளின் புராஜெக்ட் கோப்பில் வீடியோ இருப்பதில்லை. எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். பாதி வேலையில் ஃபோல்டரை நகர்த்தினால் திரையில் 'Media Offline' என்று வரும். அதைச் சரிசெய்யும்போது C0001 என்ற பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் தவறானது வந்து ஒட்டிக்கொள்ளவும் கூடும். டாவின்சி ரிசால்வில் வேறொரு பொறி இருக்கிறது. அது புராஜெக்டைத் தன் சொந்தத் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. 04_Project ஃபோல்டரில் அது தானாக வந்து சேராது; .drp கோப்பாக ஏற்றுமதி செய்து அங்கே வைக்க வேண்டும்.

காப்பு நகலுக்குப் பரவலாகச் சொல்லப்படுவது 3-2-1 விதி. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கியது இது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் 4கே கேமரா ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45 ஜிபி எடுக்கும். இரண்டு கேமராவிலும் மும்மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. வினாடிக்கு 40 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் இதை இணையச் சேமிப்புக்கு அனுப்பப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். சிறிய ஸ்டூடியோவுக்கு நடைமுறை வழி இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று ஸ்டூடியோவில், மற்றது வீட்டில். புராஜெக்ட் கோப்பும் முடிந்த வீடியோவும் மட்டும் இணையத்தில் இருந்தால் போதும். இரண்டு டிஸ்கிலும் நகல் ஏறி, சரிபார்த்து முடியும்வரை கேமரா கார்டை ஃபார்மேட் செய்யக்கூடாது. நகலெடுத்தபின் மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி டெராகாப்பி, ரிசால்வின் குளோன் டூல் இரண்டிலும் உண்டு.

தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரைக் காப்பு நகல் என்று எண்ணுவது பரவலான தவறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பிக்சாரில் 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அலுவலகக் காப்பு நகல்கள் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் இருந்த பிரதியே கைகொடுத்தது. ஆகவே காப்பு டிஸ்கை மட்டும் வேறொரு கணினியில் செருகி, புராஜெக்டைத் திறந்து, ஒரு நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுத்துரு மாறியிருந்தாலோ பாட்டு இல்லாமல் போயிருந்தாலோ, அந்தக் கோப்புகள் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

டிஸ்குகள் பத்தைத் தாண்டினால் எதில் எது என்ற கேள்வி எழும். ஒவ்வொரு டிஸ்கின் மேலும் எண் எழுதி ஒட்டி, அதன் கோப்புப் பட்டியலைக் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். E: டிஸ்கின் பட்டியலை, ஏற்கெனவே உருவாக்கிய List என்ற ஃபோல்டருக்குள் எடுக்க, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரி போதும்:

```
dir E:\ /s /b > D:\List\HDD07.txt
```

பிறகு டிஸ்கைச் செருகாமலே Madurai என்று இந்தக் கோப்புகளில் தேடலாம். டிஸ்கில் ஏதாவது சேர்த்தால் பட்டியலையும் மறுபடி எடுக்க வேண்டும்.