இ-ரீடரா, டேப்லெட்டா? முதலில் கோப்பைப் பாருங்கள்

நிறையப் படிக்கிறவர்கள் கிண்டில் போன்ற இ-ரீடர் வாங்கலாமா, டேப்லெட் வாங்கலாமா என்று விசாரித்தால், கடையில் விலையையும் நினைவகத்தையும்தான் சொல்வார்கள். படம் இல்லாத நாவல் ஒன்றுக்கு ஒன்றிரண்டு எம்.பி. போதும். 16 ஜி.பி.யில் ஆயிரக்கணக்கான நாவல்கள் அடங்கும். அதனால் நினைவகத்தை விட்டுவிடுங்கள். திரை எப்படிப்பட்டது, நீங்கள் படிக்கப்போகும் கோப்பு எப்படிப்பட்டது என்பதைப் பார்த்தால் போதும்.

இ-ரீடர் திரைக்குள் தலைமுடிப் பருமனுள்ள நுண்குமிழ்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்சாரம் பாயும்போது ஏதாவது ஒரு நிறம் மேலே வந்து நின்றுவிடும். நின்ற பிறகு அதை அங்கேயே வைத்திருக்க மின்சாரம் வேண்டாம். பக்கம் புரட்டும்போதுதான் முக்கியமாக மின்சாரம் செலவாகிறது. வாரக்கணக்கில் சார்ஜ் நிற்பது இதனால்தான்.

இந்தத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அறையின் வெளிச்சம் அதில் பட்டுத்தான் நம் கண்ணுக்கு வருகிறது. இரவில் படிக்க ஓரத்தில் எல்.இ.டி. விளக்குகள் இருக்கும், அவையும் எழுத்தின் மேல்தான் ஒளியைப் பரப்புகின்றன. டேப்லெட்டில் ஒளி திரையிலிருந்தே நம்மை நோக்கி வருகிறது. மொட்டைமாடி வெயிலில் அது சூரியனோடு போட்டிபோட்டுத் தோற்கும். வெயில் ஏற ஏற இ-ரீடர் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கண்கூச்சத்துக்கு இன்னொரு காரணம் கண்ணாடியின் பளபளப்பு. கடையில் டேப்லெட்டை அணைத்து, டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். விளக்கு அப்படியே தெரிந்தால், வீட்டிலும் எழுத்துக்கு மேல் அதுதான் தெரியும். மங்கலான மேட் ஸ்டிக்கர் ஒட்டினால் பிரதிபலிப்பு குறையும், ஆனால் எழுத்தில் லேசான பொரிப்பொரி வந்துவிடும். இ-ரீடரிலும் முகப்பு முழுக்கச் சமதளக் கண்ணாடியாக இருக்கும் மாடல்கள் கொஞ்சம் பளபளக்கலாம். அதையும் அதே விளக்கில் பார்த்துவிடுவது நல்லது.

இதுவரை படித்தால் இ-ரீடர்தான் என்று தோன்றும். தமிழ் வாசகருக்குச் சிக்கல் தொடங்குவது கோப்பில்.

இ-பப் வகைக் கோப்பில் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது. அளவைக் கூட்டினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். கிண்டில் கடையில் வாங்கும் பெரும்பாலான நூல்களும் இப்படித்தான். ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளத்தில் இ-பப் இலவசமாகவே கிடைக்கும். அதைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதியும் உண்டு. பி.டி.எஃப். அப்படியில்லை. அதில் பக்கம் அச்சான அளவிலேயே உறைந்திருக்கும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்து ஒரு பழைய நூலின் ஸ்கேன் பி.டி.எஃப். இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். டெம்மி அளவுப் பக்கம் ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். 6 அங்குல இ-ரீடரின் திரையோ 3.6 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். முழுப் பக்கமும் அதில் அடங்க வேண்டுமானால் பாதிக்குச் சற்று மேலாகச் சுருங்க வேண்டும். 11 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவியைக் குறுக்குவாட்டில் திருப்பி ஓர வெள்ளையை வெட்டினால் எழுத்து ஏறக்குறைய பழைய அளவுக்கு வரும், ஆனால் ஒரு பக்கத்தை இரண்டு தடவையாகப் படிக்க வேண்டும். விரலால் பெரிதாக்கி நகர்த்தலாமே என்றால், மின்மைத் திரை ஒவ்வொரு நகர்வுக்கும் தயங்கும். முந்தைய எழுத்தின் நிழல் ஒட்டியிருக்கும். 11 அங்குல டேப்லெட்டில் அதே பக்கம் முழுசாக, அச்சு அளவிலேயே விரியும்.

பி.டி.எஃப்.பை இ-பப்பாக மாற்றிவிடலாம் என்பார்கள். அதற்கு முன் கணினியில் அதைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். ஆங்கில எழுத்துகளாக ஒட்டினால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்தது; யூனிகோடுக்கு மாற்றாமல் பயனில்லை. தமிழாகவே வந்து, கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தால், மாற்றிய நூலிலும் அப்படியேதான் கிடக்கும்.

10 அங்குல இ-ரீடர்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, விலை நல்ல டேப்லெட்டை எட்டும் அல்லது தாண்டும்.

வாங்குவதற்கு முன், அடுத்துப் படிக்க நினைக்கும் பத்து நூல்களை எழுதி, ஒவ்வொன்றும் எந்த வடிவில் கிடைக்கிறது என்று பாருங்கள். ஏழெட்டு இ-பப்பாகவோ கிண்டில் நூலாகவோ இருந்தால் 6 அல்லது 7 அங்குல இ-ரீடரே போதும். பாதிக்கு மேல் ஸ்கேன் என்றால், மின்மையின் பெருமையை யார் எவ்வளவு சொன்னாலும் டேப்லெட்டையே வாங்குங்கள்.