வாடகை 3,000 ஏறினால் சம்பளம் எவ்வளவு ஏற வேண்டும்?

சென்னை வேளச்சேரியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பிடித்தம் போக மாதம் 60,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 15,000, மற்ற செலவு 30,000, மிச்சம் 15,000. வருமானத்தில் 25 சதவீதம் சேமிப்பு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வீட்டுக்காரர் 18,000 கேட்கிறார்.

சம்பளத்தில் 3,000 கூடினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிக் கூடினால் சேமிப்பு அதே 15,000தான். ஆனால் 63,000-க்கு அது 23.8 சதவீதமே. தொகை குறையவில்லையே, பிறகென்ன என்று விட்டுவிட முடியாது. மாதச் செலவு இப்போது 48,000. வேலை போனால் ஆறு மாதம் சமாளிக்க முன்பு 2,70,000 வேண்டியிருந்தது. இனி 2,88,000 வேண்டும். செலவு பெருத்தால் அதைத் தாங்கும் சேமிப்பும் பெருக்க வேண்டும்.

கால் பங்கு சேமிப்பு என்றால் முக்கால் பங்கு செலவுக்கு. ஆகவே 48,000 என்பது புதுச் சம்பளத்தில் முக்கால் பங்காக இருக்க வேண்டும். 48,000-ஐ 0.75-ஆல் வகுத்தால் 64,000. கூட வேண்டியது 4,000. சரிபார்ப்பதும் எளிது: 64,000-இல் 48,000 போனால் 16,000, அது சரியாகக் கால் பங்கு. வாடகை 20 சதவீதம் ஏறியதால் சம்பளமும் 20 சதவீதம் ஏற வேண்டும் என்பதில்லை, 6.7 சதவீதம் போதும்.

இது கைக்கு வரும் பணத்தின் கணக்கு. அலுவலகத்தில் போய் 4,000 கேட்டால் கை கடிக்கும். அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி, அதில் 12 சதவீதம் பி.எஃப். என்று வைத்துக்கொண்டால், உயர்விலும் 6 சதவீதம் அங்கே போய்விடும். 4,000 கைக்கு வர மொத்தச் சம்பளம் சுமார் 4,260 ஏற வேண்டும். நிறுவனம் தன் பங்கு பி.எஃப்.பையும் சி.டி.சி.க்குள் அடக்கினால், கேட்க வேண்டியது ஏறத்தாழ 4,500, ஆண்டுக்கு 54,000. பி.எஃப். 1,800 ரூபாயோடு நிற்கும் நிறுவனங்களில் இந்த வித்தியாசம் வராது. இந்த அளவுச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வருமான வரியும் இல்லை.

வாடகையோடு மற்ற விலைகளும் ஏறுமே என்பவர்கள் அதையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும். மற்ற செலவு 5 சதவீதம் கூடி 31,500 ஆனால், மொத்தச் செலவு 49,500. தேவைப்படும் சம்பளம் 66,000. கூடுதலாகக் கேட்கும் அட்வான்ஸை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். அது ஒருமுறை கொடுத்து, காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம்.

கேட்டது முழுவதும் கிடைக்காவிட்டாலும் இதே கணக்கு உதவும். கைக்கு 62,000 வந்தால் அதில் முக்கால் பங்கு 46,500. விலைகள் அப்படியே இருந்தாலும் 48,000 செலவில் 1,500 குறைக்க வேண்டும். அதை மற்ற செலவில் குறைப்பதா, 16,500-க்குள் வேறு வீடு பார்ப்பதா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டில் பேசி முடிவெடுக்கலாம்.