லண்டனில் எது இரவு பத்து மணி?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு மருந்து என்றால் தோட்டத்து டிரெஸ்ஸர் கொடுப்பதுதான். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று" என்று அவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்டன. அந்தத் தலைமுறை இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கும் மெல்பர்னுக்கும் விமானம் ஏறுகிறது. கூடவே இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு என மூன்று நான்கு மருந்துகளும் ஏறுகின்றன.

ஈப்போவில் மருந்தாளராக இருக்கும் என்னிடம் இவர்களின் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "விமானத்தில் ஊசி கொண்டு போக விடுவார்களா?" என்பது. விடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: எவ்வளவு கொண்டு போவது, எப்படிக் கொண்டு போவது, நேரம் மாறும்போது எப்போது போடுவது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 68 வயது அம்மா. தினமும் இரவு 10 மணிக்கு கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் 18 யூனிட். மெட்ஃபார்மின் காலையும் இரவும் சாப்பாட்டோடு. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் காலையில் ஒன்று. லண்டனில் இரண்டு மாதம் மகளோடு இருக்கப் போகிறார்.

எத்தனை பேனா?

ஓர் இன்சுலின் பேனாவில் 300 யூனிட் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஊசி அடைப்பின்றி வேலை செய்கிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்க்க வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 20 யூனிட்; ஒரு பேனா 15 நாள். 60 நாளுக்கு நான்கு பேனா. ஒன்று கைதவறி உடைந்தால்? ஐந்தாகக் கொண்டு போகலாம்.

அரசாங்க கிளினிக்கில் பெரும்பாலும் மாதாமாதம்தான் மருந்து தருவார்கள். அதனால் விமான டிக்கெட்டோடு சில வாரங்களுக்கு முன்பே போய் மருந்தகப் பகுதியில் கேளுங்கள். முழு அளவும் அங்கே கிடைக்காவிட்டால், மீதியை வெளியே வாங்க அவகாசம் இருக்கும்.

கடிதமும் உறையும்

கிளினிக் உறையில் 'செலெபாஸ் மாக்கான்' என்று மலாயில் எழுதியிருப்பது ஹீத்ரோ அதிகாரிக்குப் புரியாது. எனவே மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். கடப்பிதழில் உள்ளபடியே பெயர், பயணத் தேதிகள், மருந்துகளின் மூலப் பெயர், அளவு, 'இன்சுலின் பேனாவும் ஊசிகளும் தேவை' என்ற வரி, கையெழுத்து, முத்திரை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூலப் பெயர் ஏன்? நிறுவனப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்து தொலைந்துபோனால், லண்டன் மருத்துவர் அந்த மூலப் பெயரை வைத்துத்தான் வேறு எழுதித் தர முடியும்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் கொட்டி எடுத்துப் போவது பலருக்கு வழக்கம். பெட்டியை லண்டன் வீட்டில் நிரப்பிக்கொள்ளலாம். பயணத்தின்போது அட்டையும் பெயர் ஒட்டிய உறையும் அப்படியே இருக்கட்டும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வலி மாத்திரையும் இருமல் மருந்தும்தான். ட்ரமடால், கோடீன் போன்றவை பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. 2017-இல் 290 ட்ரமடால் மாத்திரைகளோடு எகிப்தில் இறங்கிய ஒரு பிரிட்டிஷ் பெண்ணுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இப்படிப்பட்ட மருந்து உண்மையிலேயே தேவையென்றால், போகும் நாட்டின் விதியோடு, இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பாருங்கள். "அத்தைக்கு முட்டி வலி, இதைக் கொஞ்சம் கொண்டு போ" என்று யாராவது மாத்திரை கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அத்தையின் பெயர் இருக்காது.

குளிரும் சூடும்

இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. பெட்டி தாமதமாகலாம், கீழ்த்தளத்தில் உறையும் அளவுக்குக் குளிரவும் செய்யலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினால் பார்க்கத் தெளிவாகவே தெரியலாம், ஆனால் அதன் வீரியத்தை நம்ப முடியாது. தூக்கி எறிய வேண்டியதுதான். அதே காரணத்தால், குளிர்ப்பையில் ஐஸ் கட்டியோடு பேனா நேரடியாக ஒட்டக் கூடாது. நடுவில் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். திறக்காத பேனா குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனா 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை தாங்கும். ஈப்போவிலிருந்து கேஎல்ஐஏ போகும் வழியில் சாப்பிட நிறுத்தும்போது பேனாவைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

கைப்பையில் திரவத்துக்கு 100 மில்லி என்ற வரம்பு பல விமான நிலையங்களில் உண்டு என்றாலும் அவசிய மருந்துக்கு விலக்கு இருக்கிறது. சோதனைச் சாவடியில் பையை வைக்கும் முன்பே "இன்சுலின்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் காட்டுங்கள். இருவர் போனால் பேனாக்களை இரண்டு கைப்பைகளில் பிரித்து வையுங்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றும் வேண்டும்.

நேரக் கணக்கு

கோடையில் லண்டன் நம்மைவிட 7 மணி நேரம் பின்னால். அம்மா வெள்ளி இரவு 10 மணிக்கு விமான நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டு 11.30-க்குப் புறப்படுகிறார். 14 மணி நேரப் பயணத்துக்குப் பின் லண்டனில் சனி காலை 6.30.

அடுத்த ஊசி 24 மணி நேரம் கழித்து. அதாவது மலேசியாவில் சனி இரவு 10, லண்டனில் பிற்பகல் 3. அங்கே இரவு 10 வரை காத்திருந்தால் இடைவெளி 31 மணி நேரமாகி சர்க்கரை ஏறும். எனவே சனி பிற்பகல் 3-க்குப் போட்டு, ஞாயிறு 5, திங்கள் 7, செவ்வாய் 9, புதன் 10 என்று தினமும் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் தள்ளலாம். ஒரு வாரப் பயணம் என்றால் தள்ளவே வேண்டாம். பிற்பகல் 3-லேயே இருக்கட்டும்.

திரும்பும்போதுதான் ஆபத்து அதிகம். லண்டனில் இரவு 10-க்குப் போட்டவர், மலேசியா வந்து அடுத்த இரவு 10-க்கே போட்டால் இடைவெளி 17 மணி நேரம்தான். பழைய ஊசியின் வேலை முடியுமுன் புதியது சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடும். நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று அறிகுறி வரும். அசந்து தூங்கும் ஒருவரிடம் அது வெளியே தெரியாமலும் போகலாம். இதைத் தவிர்க்க, கடைசி நாள்களில் லண்டனிலேயே நேரத்தை முன்னே இழுங்கள்: இரவு 8, மாலை 6, மாலை 4, பிற்பகல் 3. லண்டன் பிற்பகல் 3 என்பது மலேசிய இரவு 10. ஊர் வந்ததும் மாற்றமே தேவையில்லை. அந்த 3 மணி விமானத்தில் இருக்கும்போது வந்தால், பேனா தலைக்கு மேலுள்ள பெட்டியில் இல்லாமல் கைக்கு எட்டும் பையில் இருக்க வேண்டும்.

மாத்திரைகள் எளிது. மெட்ஃபார்மினை வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு போட்டுவிட்டதால், நள்ளிரவில் விமானத்தில் தரும் உணவோடு மறுபடி போட வேண்டாம். இறங்குவதற்கு முன் தரும் காலை உணவோடு மெட்ஃபார்மின், அம்லோடிபின் இரண்டையும் போட்டால் லண்டன் காலையோடு சேர்ந்துவிடும். அம்லோடிபின் உடலில் நீண்ட நேரம் நிற்கும். சில மணி நேர வித்தியாசத்தைத் தாங்கும்.

எல்லா மருந்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. உணவுக்கு உணவு போடும் இன்சுலின், வலிப்பு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து ஆகியவற்றுக்குத் தனி அட்டவணை வேண்டும். உங்கள் விமான நேரத்தை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் இரு நாட்டு நேரத்தையும் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் திருத்திக் கொடுத்த தாளை அம்மாவின் கடப்பிதழுக்குள் வையுங்கள். அதில் தமிழில், பெரிய எழுத்தில், "சனி, லண்டன் மணி 3, ஊசி" என்று இருந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.